கேசட் வீடியோ: படம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

"கல்யாண விஎச்எஸ் கேசட்டை யூஎஸ்பி கேப்சர் கருவியில் லேப்டாப்புக்கு ஏற்றுகிறேன். கால் மணி நேரத்துக்குப் பிறகு உதடும் குரலும் ஒட்டவில்லை. கேசட் போய்விட்டதா?"

போகவில்லை, பயப்படாதீர்கள். பழைய டேப்பிலிருந்து வரும் படத்தின் நேரக்கணக்கு லேசாக ஆடும். டிவி அதைப் பொறுத்துக்கொள்ளும். மலிவான கேப்சர் கருவி குழம்பிப்போய் ஃபிரேம்களை விட்டுவிடும். ஒலியோ நிற்காமல் ஓடும். நம் ஊர் PAL டிவி முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். 25 விடுபட்டால் ஒரு நொடி விலகல்.

VirtualDub என்ற மென்பொருளில் பதிவு செய்து `Frames dropped` எண்ணைக் கவனியுங்கள். படம் கிழியும் இடங்களில் மட்டும் ஏறினால் டேப்தான் காரணம். நல்ல காட்சியிலும் ஏறிக்கொண்டே போனால் கணினி திணறுகிறது: யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேரடியாகச் செருகுங்கள், மற்ற புரோகிராம்களை மூடுங்கள்.

டேப்தான் என்றால், கேசட்டை முழுதாக ஒருமுறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். சுற்றின் இறுக்கம் சீராகும். விசிஆரில் ட்ராக்கிங்கைச் சரிசெய்யுங்கள். அப்படியும் விடுபட்டால், விசிஆருக்கும் கேப்சர் கருவிக்கும் நடுவே பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வையுங்கள். அதில் பதிவு செய்ய வேண்டாம், சிக்னல் கடந்து போனால் போதும். எல்லா மாடலும் உதவாது. சில மாடல்கள் நேரத்தைச் சீராக்கி அனுப்பும்.

எடிட்டிங்கில் ஒலியை மொத்தமாகச் சுருக்கிப் பொருத்தாதீர்கள். ஃபிரேம்கள் கொத்துக்கொத்தாக விடுபடுவதால் நடுவில் மறுபடி விலகும். திரும்பப் பதிவதே நல்லது. டேப் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மட்டும் ஓட்டவே ஓட்டாதீர்கள்; விசிஆரின் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும்.