வீடு கட்டும் கொட்டேஷன்: கையெழுத்துக்கு முன் எந்த வரிகளைத் திருத்துவது?

கேள்வி: எங்கள் பிளானில் வீடு 960 சதுர அடி. கொட்டேஷனில் 1,200 சதுர அடி, சதுர அடிக்கு 2,400 ரூபாய், மொத்தம் 28,80,000 என்று இருக்கிறது. மீதி 240 சதுர அடி எங்கிருந்து வந்தது?

நீங்கள் அனுப்பிய பிளானில் போர்டிகோ 150 சதுர அடி, மாடிப்படி ஹெட்ரூம் 90 சதுர அடி. அதுதான் அந்த 240. கூட்டியதில் தப்பில்லை, ஏனென்றால் அங்கேயும் கம்பியும் கான்கிரீட்டும் போகிறது. ஆனால் போர்டிகோவில் சுவர் கிடையாது, ஜன்னல், கதவு கிடையாது. அதற்கும் முழு ரேட்டா என்பதைத்தான் பேச வேண்டும். பல காண்ட்ராக்டர்கள் பாதி ரேட்டுக்கு ஒத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் பாதி ரேட் என்றால் கணக்கில் வருவது 1,080 சதுர அடி, தொகை 25,92,000. வித்தியாசம் 2,88,000 ரூபாய். முழு ரேட்டுக்கே நீங்கள் சம்மதித்தாலும் சரி, அது தெரிந்தே சம்மதித்ததாக இருக்கட்டும்.

“பரப்பளவு 1,200 ச.அடி” என்ற ஒற்றை வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதச் சொல்லுங்கள்: “வீடு, வெளிச்சுவரின் வெளிப்புற அளவில், 960 ச.அடி, முழு ரேட். போர்டிகோ 150, ஹெட்ரூம் 90, பாதி ரேட். சன்ஷேடு, லாஃப்ட், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஆகியவை இந்த ரேட்டுக்குள் அடக்கம். தனிக் கட்டணம் இல்லை.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கைப்பிடிச் சுவருக்குத் தனிக்காசு கேட்டு வேலை நின்ற வீடுகள் உண்டு.

கேள்வி: “தரமான சிமெண்ட், தரமான கம்பி, நல்ல டைல்ஸ்” என்று எழுதியிருக்கிறார். தெரிந்தவர்தான், நம்பலாமா?

ஆளை நம்புங்கள், வரியைத் திருத்துங்கள். “தரமான” என்பதற்கு அளவுகோல் இல்லை. நாளைக்கு இறங்கும் லோடைப் பார்த்து “இது நாம் பேசியது இல்லையே” என்று நீங்கள் சொல்ல வேண்டுமானால், பேசியது என்ன என்று தாளில் இருக்க வேண்டும்.

கம்பிக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கிரேடும், கூடவே இரண்டு கம்பெனிப் பெயரும் போதும். கான்கிரீட்டுக்கு எம்20 என்று மட்டும் எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது. சைட்டில் கலப்பதாக இருந்தால் “ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரை பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி” என்று விகிதத்தையும் எழுதுங்கள். வேலை நடக்கும்போது நீங்களே நின்று எண்ணிப் பார்க்கலாம். கட்டுவேலைக்குக் கல்லை உடைத்து எடுக்கும் எம்சாண்ட், பூச்சுக்கு அதைவிட நைசான பி-சாண்ட் என்று பிரித்து எழுதுவதும் அவசியம். எம்சாண்டையே பூச்சுக்கும் போட்டால் சுவர் சொரசொரப்பாக நிற்கும், அப்புறம் புட்டியை அப்பி மறைக்க வேண்டிவரும்.

பெரிய சண்டை டைல்ஸில்தான். உங்கள் தாளில் “டைல்ஸ் ரூ. 60” என்று இருக்கிறது. அது கடை விலையா, பதிக்கும் கூலியும் சேர்ந்ததா, வரி உள்ளேயா வெளியேயா? இப்படி மாற்றலாம்: “தரை டைல்ஸ் கடை விலை, வரி உட்பட, சதுர அடிக்கு 60 ரூபாய் வரை. பதிக்கும் கூலி, மணல், சிமெண்ட், ஸ்கர்ட்டிங், வெட்டுச் சேதாரம் ஒப்பந்தத் தொகைக்குள் அடக்கம். உரிமையாளர் விலை கூடுதலாக எடுத்தால் வித்தியாசத்தை அவர் தருவார். குறைவாக எடுத்தால் அந்த வித்தியாசம் கழிக்கப்படும்.” கூடினால் வாங்குவதைப் பற்றி எல்லாக் கொட்டேஷனிலும் ஒரு வரி இருக்கும். குறைந்தால் கழிப்பதை நீங்கள்தான் கேட்டுச் சேர்க்க வேண்டும்.

“அல்லது அதற்கு இணையான” என்று எங்கே பார்த்தாலும் “உரிமையாளர் எழுத்தில் ஒத்துக்கொண்டால் மட்டும்” என்று பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் காண்ட்ராக்டர். எதெல்லாம் சேராது என்று நீளமாக எழுதினால் வீட்டுக்காரர் பயந்து அடுத்தவரிடம் போய்விடுகிறார். என்ன செய்வது?

பயப்படுவது பட்டியலின் நீளத்தைப் பார்த்து இல்லை, அதில் தொகை இல்லாததைப் பார்த்துத்தான். “காம்பவுண்டு சுவர் சேராது” என்றால் அவருக்கு அது ஐம்பதாயிரமா ஐந்து லட்சமா என்று தெரியாது. “காம்பவுண்டு சுவர் சேராது, வேண்டுமென்றால் ஐந்தடி உயரத்துக்கு, ஓடும் அடிக்கு இவ்வளவு ரூபாய்” என்று ரேட்டோடு எழுதினால் அவரே கணக்குப் போட்டுக்கொள்வார். சம்ப், செப்டிக் டேங்க் இரண்டுக்கும் லிட்டர் கொள்ளளவோடு இதேபோல எழுதுங்கள்.

அரசாங்கத்துக்குக் கட்டும் பணம் வேறு வகை. பிளான் அப்ரூவல், ஈபி இணைப்பு இதற்கெல்லாம் நீங்கள் ரேட் சொல்ல முடியாது. “ரசீதுப்படி உரிமையாளர் கட்டுவார், அலைச்சல் வேலை காண்ட்ராக்டருடையது” என்று எழுதினால் போதும்.

எல்லோரும் மறப்பது கட்டும்போது தேவைப்படும் தண்ணீர். போர் போடாத மனையில் லாரித் தண்ணீருக்கு யார் பணம் தருவது என்று எழுதாமல் விட்டால், அது போட்ட கான்கிரீட்டை ஈரமாக வைத்திருக்கும் கியூரிங்கில் போய் முடியும். செலவு யாருடையது என்று தெரியாதபோது தண்ணீர் விடுவது குறைந்துபோகும், கான்கிரீட் வெடிப்பு விடும்.

அஸ்திவார ஆழத்தையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். “தரை மட்டத்திலிருந்து ஐந்தடி வரை ஒப்பந்தத்தில் அடக்கம். கெட்டி மண் கிடைக்காமல் அதற்குக் கீழே போனால், உரிமையாளர் முன்னால் அளந்து, தோண்டுவதற்கும் நிரப்புவதற்கும் கன அடிக்கு இவ்வளவு.” மண்ணுக்குள் இருப்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ரேட்டை முன்பே எழுதிவிட்டால் குழிக்குப் பக்கத்தில் நின்று பேரம் பேச வேண்டியதில்லை.

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். மொத்தம் 30 லட்சம். அட்வான்ஸ் 25, பேஸ்மென்ட் 25, ரூஃப் 30, பூச்சு 15, முடிவில் 5 சதவீதம். இது சரியா?

சரியில்லை. இந்தக் கணக்குப்படி ரூஃப் போட்டதும் 24 லட்சம் கைமாறியிருக்கும். ஆனால் பூச்சு, ஒயரிங், பைப் லைன், டைல்ஸ், கதவு ஜன்னல், பெயின்ட் எல்லாம் பாக்கி. அந்த வேலைகளுக்கு மீதி ஆறு லட்சம் போதாது. ரூஃபோடு நின்றுபோன வீடுகள் பலவற்றின் கதை இதுதான்.

நான் சொல்வது: அட்வான்ஸ் 5, பேஸ்மென்ட் 15, கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்துக்கு 15, ரூஃப் 20, பூச்சு 15, டைல்ஸ் 15, கதவும் பெயின்ட்டும் 10, சாவி கொடுத்த பிறகு 5. இதில் ரூஃப் வரை போவது 16,50,000. காண்ட்ராக்டருக்கும் கையைக் கடிக்காது, அடுத்த கட்டத்துக்குச் சரக்கு எடுக்கப் பணம் இருக்கும். அட்வான்ஸ் ரொம்பக் குறைவு என்று அவர் சொன்னால் அதை 10 ஆக்கி, பேஸ்மென்ட்டை 10 ஆக்குங்கள். ரூஃப் வரையிலான கூட்டுத்தொகை ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சதவீதத்தைவிட முக்கியம், ஒரு கட்டம் எப்போது முடிந்தது என்பது. “ரூஃப் லெவல்” என்றால் அவர் சென்ட்ரிங் அடித்த அன்றே பணம் கேட்பார், நீங்கள் கான்கிரீட் போட்ட பிறகு என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். “ரூஃப் கான்கிரீட் போட்டு முடித்த மறுநாள்” என்று எழுதுங்கள். பேஸ்மென்ட்டை “உள்ளே மண் நிரப்பி, தண்ணீர் விட்டுக் கெட்டித்து முடித்ததும்” என்று எழுதுங்கள். மண்ணைக் கொட்டியதோடு விட்டால் பிற்பாடு தரை இறங்கும். நீங்கள் ஊரில் இல்லை என்பதால், ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்துச் சொல்லப்போவது யார் என்று அவர் பெயரையும் போடுங்கள்.

கேள்வி: பேசிய மாற்றங்கள் எல்லாம் வாட்ஸ்ஆப்பில் இருக்கின்றன. அது போதாதா?

போதாது. எல்லாவற்றையும் ஒரே தாளுக்குக் கொண்டுவந்து, தேதி போட்டு, “இதற்கு முன் கொடுத்த கொட்டேஷன்கள் செல்லாது” என்று ஒரு வரி எழுதுங்கள். எந்த பிளானை வைத்து ரேட் போட்டது என்று அதன் தேதியையும் குறித்து, பிளானைப் பின்னால் இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வேலை தொடங்கிய பிறகு கேட்கும் கூடுதல் பிளக் பாயின்ட், கூடுதல் அலமாரி எதுவானாலும், தொகையை எழுதி இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே கை வைக்கச் சொல்லுங்கள்.