இரண்டும் ஒரே முடிச்சா?

"படத்தில் இரண்டு முடிச்சுகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. தடித்த கயிற்றோடு மெல்லிய கயிற்றை இணைக்க எதைப் போடலாம்?"

இடப்பக்கம் இருப்பது ரீஃப் முடிச்சு. அதில் ஒவ்வொரு கயிற்றின் குறுமுனையும் நெடும்பகுதியும் எதிர் வளையத்தின் ஒரே பக்கமாக ஒட்டி வெளிவருகின்றன. வலப்பக்கத்தில் குறுமுனைகள் குறுக்கே துருத்தி நிற்பதைப் பாருங்கள்: இரண்டாவது சுற்றையும் முதற்சுற்றின் திசையிலேயே போட்டதால் விழுந்த கிரானி முடிச்சு அது, இழுத்தால் வழுகும், அல்லது அவிழ்க்க முடியாதபடி இறுகும்.

ரீஃப் முடிச்சு பொட்டலத்துக்கும் காயக்கட்டுக்கும் ஏற்றது என்றாலும், ஒரு குறுமுனையைப் பக்கவாட்டில் வெடுக்கென்று இழுத்தாலே குலைந்துவிடும் என்பதால், கயிறுகளை இணைக்க அதையும் நம்பாதீர்கள். தடித்த கயிற்றைக் கொண்டை ஊசிபோல் மடக்கி, மெல்லியதை அதனுள் நுழைத்து, மடிப்பின் இரு கால்களையும் பின்புறமாகச் சுற்றி, மெல்லிய கயிற்றின் அடியிலேயே அதன் முனையைச் செருகும் ஷீட் பெண்ட் முடிச்சைப் போடுங்கள். தடிமன் மிகவும் வேறுபட்டால் அந்தச் சுற்றை இருமுறை போடுவது நல்லது. இழுவிசை இல்லாதபோது இது தளர்ந்துவிடும்.