ஒரு கண் மட்டும் சிவந்து, வெளிச்சம் கூசினால் அது மெட்ராஸ் ஐ தானா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 46. நாலு நாளாக வலது கண் மட்டும் சிவப்பு. பீளை இல்லை, தண்ணீர் வடிகிறது, வெளிச்சம் கூசுகிறது, பார்வை கொஞ்சம் மங்கல். மருந்துக்கடையில் மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள். இரண்டு நாள் குறைந்து, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. மெட்ராஸ் ஐயா, அலர்ஜியா, வேறு ஏதாவதா?

இன்றைக்கே கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மெட்ராஸ் ஐக்கும் பொருந்தவில்லை, அலர்ஜிக்கும் பொருந்தவில்லை. யூவியைடிஸ், அதாவது கண்ணுக்குள்ளே பாப்பாவைச் சுற்றியிருக்கும் ஐரிஸ் என்ற திரையில் வரும் அழற்சியாக இருக்கவே அதிக வாய்ப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அலர்ஜியை முதலில் ஒதுக்கிவிடலாம். அலர்ஜி என்றால் அரிப்புதான் முன்னால் நிற்கும். கண்ணைக் கசக்காமல் இருக்க முடியாது. பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும், வடிவது நூல் மாதிரி இழுபடும், கூடவே தும்மலோ மூக்கொழுகலோ இருக்கும். அரிப்பே இல்லாமல் ஒரு கண்ணில் மட்டும் நாலு நாள் நிற்கும் சிவப்பை அலர்ஜி என்று சொல்ல மாட்டார்கள்.

மெட்ராஸ் ஐ வைரஸால் வருவது. ஒரு கண்ணில் தொடங்கினாலும் பெரும்பாலும் சில நாளில் மறு கண்ணுக்கும் தாவிவிடும். வீட்டிலோ வேலையிடத்திலோ வேறு யாருக்காவது இருக்கும். மணல் விழுந்த மாதிரி உறுத்தும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும், காதுக்கு முன்னால் தொட்டால் வலிக்கிற சிறு கட்டி தட்டுப்படலாம். ஆனால் கண்ணுக்குள் ஆழமான வலி இருக்காது. பீளையால் பார்வை மங்கினாலும் நாலு முறை இமைத்தால் தெளிந்துவிடும்.

இப்போது அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்து நாலு விஷயம் பாருங்கள்.

முதலில் பார்வை. கண்ணாடி போடுபவர் என்றால் போட்டுக்கொள்ளட்டும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுவரில் உள்ள காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு மறு கண். இமைத்த பிறகும் வலது கண்ணில் மங்கலாகவே இருந்தால் காரணம் கண்ணின் மேற்பரப்பில் ஒட்டிய பீளை இல்லை.

அடுத்து, சிவப்பு எங்கே கூடுதல் என்று பாருங்கள். கீழ் இமையை மெதுவாக இழுங்கள். மெட்ராஸ் ஐயில் இமையின் உட்புறமும் கண்ணின் ஓரங்களும் நன்றாகச் சிவந்திருக்கும், கறுப்புப் பகுதியை நெருங்க நெருங்கச் சிவப்பு குறையும். யூவியைடிஸில் இது தலைகீழ். இமையின் உட்புறம் ஏறக்குறைய இயல்பாக இருக்கும், கறுப்புப் பகுதியைச் சுற்றி லேசான ஊதா கலந்த சிவப்பு வளையம் தெரியும்.

மூன்றாவது, டார்ச். வலது கண்ணை வெளிச்சம் விழாமல் கையால் மறைத்துவிட்டு, நன்றாக இருக்கும் இடது கண்ணில் வெளிச்சம் அடியுங்கள். மறைத்திருக்கும் வலது கண் வலிக்கிறது என்றால் அது வலுவான தடயம். ஒரு கண்ணில் வெளிச்சம் பட்டால் இரண்டு கண்ணின் பாப்பாவும் சேர்ந்தே சுருங்கும். அழற்சி வந்த ஐரிஸ் சுருங்கும்போது வலிக்கும். மெட்ராஸ் ஐயில் ஐரிஸுக்கு எதுவும் ஆகவில்லை என்பதால் இந்த வலி வராது.

கடைசியாக, இரண்டு பாப்பாவையும் ஒப்பிடுங்கள். சிவந்த கண்ணில் பாப்பா சின்னதாகவோ வட்டம் கோணலாகவோ இருந்தால், ஐரிஸ் தனக்குப் பின்னால் இருக்கும் லென்ஸோடு ஒட்டத் தொடங்கியிருக்கலாம். அவசரம் இதற்காகத்தான். ஒட்டிய இடம் நாளாக ஆக இறுகிவிடும், சுற்றிலும் ஒட்டிக்கொண்டால் கண்ணுக்குள் நீர் ஓடும் வழி அடைபட்டு அழுத்தம் ஏறும்.

இந்த நாலும் சரியாக இருந்தாலும் யூவியைடிஸ் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. ஐரிஸுக்கு முன்னால் நீரில் மிதக்கும் அழற்சி செல்களைக் கண் மருத்துவரிடம் இருக்கும் ஸ்லிட் லாம்ப் என்ற நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். டார்ச் மட்டும் வைத்திருக்கும் மருத்துவருக்கும் அவை தெரியாது.

கடை மருந்து ஏன் இரண்டு நாள் கேட்டது? பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். யூவியைடிஸுக்கு ஸ்டீராய்டுதான் மருந்து. ஆனால் ஆரம்பத்தில் விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு என்று தொடங்கி, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பார்கள். நாளுக்கு மூன்று முறை போட்டு இரண்டாம் நாள் நிறுத்தினால் உள்ளே அமுங்கியது மறுபடி கிளம்பும். ஐரிஸ் ஒட்டாமல் இருக்கப் பாப்பாவை விரிக்கும் ஹோமட்ரோபின் போன்ற சொட்டு மருந்தும் தேவை. அதைப் போடும் நாள்களில் கிட்டப் பார்வை மங்கும், பயப்பட வேண்டாம். இதே ஸ்டீராய்டை ஹெர்பீஸ் புண்ணிலோ பூஞ்சைப் புண்ணிலோ விட்டால் சிவப்பு குறைந்த மாதிரி தெரிந்துகொண்டே, கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலமான கார்னியா கரையும். நெல் தூசியோ வைக்கோலோ பட்ட கண்ணிலும், கான்டாக்ட் லென்ஸ் போடுபவரின் கண்ணிலும் கடை மருந்து கூடவே கூடாது என்பது இதனால்தான். கார்னியாவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

விடியும்வரைகூடக் காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு, திடீரெனக் கண் அழுத்தம் ஏறிவிடும் கிளாக்கோமா. உதாரணத்துக்கு, 60 வயதுப் பெண், தூரப் பார்வைக்கே பிளஸ் பவர் கண்ணாடி போடுபவர். சளி மாத்திரை போட்டுக்கொண்டு மாலையில் மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கண்ணிலும் அந்தப் பக்கத் தலையிலும் கடும் வலி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம், பிறகு வாந்தி. வீட்டில் பித்தம் என்பார்கள், சில இடங்களில் மைக்ரேன் என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள். கண்ணைப் பார்த்தால் பாப்பா பாதி விரிந்து அப்படியே நிற்கும், டார்ச் அடித்தாலும் சுருங்காது, கறுப்புப் பகுதி ஆவி படிந்த கண்ணாடி மாதிரி மங்கியிருக்கும். 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண் அழுத்தம் 50ஐத் தாண்டியிருக்கும். பார்வை நரம்பு சில மணி நேரத்திலேயே சேதமாகத் தொடங்கும். விளக்கை அணைத்துப் படுக்க வைக்காதீர்கள், இருட்டில் பாப்பா இன்னும் விரியும். அழுத்தத்தைக் குறைத்த பிறகு லேசரால் ஐரிஸில் சிறு துளை போடுவார்கள். அமைப்பு ஒன்றே என்பதால் மறு கண்ணுக்கும் முன்கூட்டியே போட்டுவிடுவது வழக்கம்.

உங்கள் அம்மாவுக்கு வாந்தி, கடும் தலைவலி பற்றி நீங்கள் சொல்லவில்லை. அவை இருந்தாலோ பாப்பா விரிந்து நின்றாலோ மேலே சொன்ன கணக்குதான், உடனே கிளம்புங்கள்.

போகும்போது அந்தச் சொட்டு மருந்து பாட்டிலை எடுத்துச் செல்லுங்கள். எத்தனை நாள், நாளுக்கு எத்தனை முறை போட்டார் என்பதையும் சொல்லுங்கள், இல்லையென்றால் பாதி அமுங்கிய அழற்சி மருத்துவரையும் ஏமாற்றும். காலையில் எழுந்ததும் இடுப்பும் முதுகும் பிடித்துக்கொண்டு நடக்க நடக்கச் சரியாகிறதா, இதற்கு முன் கண் இப்படிச் சிவந்ததுண்டா, காசநோய் இருந்ததா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்று அம்மாவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வயல் வேலை, மாடு வளர்ப்பு, தேங்கிய தண்ணீரில் நடந்தது இருந்தால் அதையும் விடாதீர்கள். எலிக்காய்ச்சல் ஆறி மாதக்கணக்கான பிறகும் யூவியைடிஸ் வரும். 1993 வெள்ளத்துக்குப் பிறகு மதுரையில் அப்படிப் பலருக்கு வந்தது பதிவாகியிருக்கிறது.