படித்ததும் வாயில் ஒட்ட வேண்டும்: ஹெல்மெட் வாருக்கு ஒரு வாசகம்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து, ஜனவரி சாலைப் பாதுகாப்பு மாதத்துக்காகத் தமிழில் ஒரு தட்டி வைக்கிறோம். இங்கே எல்லோரும் ஹெல்மெட் போடுகிறார்கள், ஆனால் லாக் போடுவதில்லை. ‘ஹெல்மெட்டின் பட்டையை மறக்காமல் இறுக்கமாக அணிந்து பாதுகாப்பாகப் பயணம் செய்யவும்’ என்று எழுதினோம். படித்தவர் யாருக்கும் மறுநாள் நினைவில்லை. ‘தலைக்கவசம் உயிர்க்கவசம்’ மாதிரி நிற்கும்படி எப்படி எழுதுவது?

பதில்: நீங்கள் பிடித்திருக்கும் விஷயம் சரியானது. பூட்டாத ஹெல்மெட் விழும்போது தலையைவிட்டு முதலில் கழன்று போகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவும் தலையில் வைத்திருப்பதோடு விடுவதில்லை, வாரால் தலையோடு இறுகப் பொருத்தியிருக்க வேண்டும் என்கிறது. ஆக, சொல்ல வேண்டியது ஒரே ஒரு செயல்தான். உங்கள் வாசகத்தில் மறக்காமல் இருப்பது, இறுக்குவது, அணிவது, பயணம் செய்வது என்று நான்கு இருக்கின்றன. கட்டளை எதில் வந்து விழுகிறது என்று பாருங்கள்: ‘பயணம் செய்யவும்’. அதை யாரும் சொல்லாமலே செய்கிறார்கள். ‘-வும்’ என்று முடிந்தாலே அலுவலகச் சுவர் அறிவிப்பின் வாடை வந்துவிடுகிறது; கண் அதைத் தாண்டிப் போய்ப் பழகியிருக்கிறது.

புதிதாக எழுதுவதற்கு முன், தமிழ்நாட்டுப் பேருந்துகளில் பல காலமாக இருக்கும் ஒரு வாசகத்தைப் பிரித்துப் பார்ப்போம்.

படியில் பயணம்
நொடியில் மரணம்

படியில், நொடியில்: இரண்டாம் எழுத்து இரண்டிலும் ‘டி’. இது எதுகை. பயணம், மரணம்: முடிவில் ஒரே ஒலி. இது இயைபு. இவ்வளவும் பலர் சொல்வதுதான். அதிகம் பேர் கவனிக்காதது எடை. படி-யில், பய-ணம், நொடி-யில், மர-ணம் என்று அசை பிரித்தால் நான்கு சொல்லும் நிரை-நேர், அதாவது நான்கும் புளிமா. நான்கு முறை ஒரே தாளம் விழுகிறது. கையால் தொடையில் தட்டிக்கொண்டே சொல்லிப் பாருங்கள், எங்கும் இடறாது. இந்த வாசகத்தில் ஏவலே கிடையாது, ‘தொங்காதே’ என்று எங்கும் சொல்லவில்லை. இருந்தும் நிற்பதற்குக் காரணம் நான்கு சீர், ஒரே எடை, நடுவில் ஒரே ஒரு நிறுத்தம். உங்களுக்கும் நான்கு சீர் போதும். ஐந்தாவது வந்தால் அது பெரும்பாலும் ‘மறக்காமல்’ போன்ற அடைதான், எடுத்துவிடுங்கள்.

எழுதத் தொடங்கும்போது கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குங்கள். தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வரும். அதனால் ஏவல் வினையைத் தேர்ந்தெடுத்தாலே முடிவு ஒலி கையில் வந்துவிடுகிறது. வாரைப் பொறுத்தவரை நமக்கு இருக்கும் ஏவல்கள் கட்டு, மாட்டு, பூட்டு, இறுக்கு, போடு. இவற்றில் ‘ட்டு’ என்று முடிபவைக்கு இணை நிறையக் கிடைக்கும்: ஓட்டு, காட்டு, நீட்டு, போட்டு, கேட்டு. ‘இறுக்கு’வுக்கு முறுக்கு, நறுக்கு, சறுக்கு என்று போகும், வண்டிக்கு உதவுவது குறைவு.

முதல் முயற்சி இப்படி வரும்:

வாரைக் கட்டு
வண்டி ஓட்டு

வாரை, வண்டி இரண்டும் வகரத்தில் தொடங்குவதால் மோனை உண்டு. ஆனால் கட்டு-ஓட்டு கொஞ்சம் நொண்டும். எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒத்தால் மட்டும் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒக்க வேண்டும். குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். ‘பட்டு’வுக்குப் ‘பாட்டு’ எதுகையாகாது. சுவர் வாசகங்களில் அதிகம் நடக்கும் பிழை இதுதான். எழுத்தில் பார்த்தால் பொருந்தியதுபோல் இருக்கும், வாய்விட்டுச் சொன்னால்தான் குறை தெரியும்.

அப்படியானால் நெடிலுக்கு நெடிலாக ‘மாட்டு’ போடலாமே என்று தோன்றும்.

வாரை மாட்டு
வண்டி ஓட்டு

வா-ரை, மாட்-டு, வண்-டி, ஓட்-டு. நான்கும் நேர்-நேர், நான்கும் தேமா. காகிதத்தில் குறையே இல்லை. ஒலிபெருக்கியில் சொன்னால் என்ன கேட்கும்? ‘வாரை… மாட்டு வண்டி ஓட்டு.’ அந்த நொடியே வாசகம் கெட்டது; தெருப் பிள்ளைகள் அதை மாட்டு வண்டியாகவேதான் திருப்பிச் சொல்வார்கள். முதல் வரியின் கடைசிச் சொல்லையும் இரண்டாம் வரியின் முதல் சொல்லையும் நிறுத்தாமல் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஏவலும் பெயரும் ஒரே உருவில் வரும் சொற்கள் ஏராளம் என்பதால் இந்த விபத்து எளிதில் நேரும்.

வாரைப் பூட்டு
வண்டி ஓட்டு

இது தேறும். தாளமும் எதுகையும் கெடவில்லை. பெங்களூரில் வாயில் வரும் ‘லாக் போடு’ என்பதற்குப் ‘பூட்டு’ நேராகவும் பொருந்துகிறது. ‘வாரைப்’ என்று ப் போட மறக்காதீர்கள். ஐ உருபு வெளிப்படையாக இருப்பதால் அங்கே ஒற்று மிகும். பெரிய எழுத்தில் எழுதும்போது அது விட்டுப்போனால் உறுத்தும்.

ஆனாலும் எனக்கு இதில் ஒரு தயக்கம் இருக்கிறது. ‘வார்’ என்றால் அல்சூரில் பிறந்து வளர்ந்த இருபது வயதுக்காரருக்கு உடனே புரியுமா? அவர் பெல்ட் என்பார். ‘பெல்ட்டைப் பூட்டு’ என்று மாற்றினால் கார் சீட் பெல்ட் நினைவுக்கு வரும், மோனையும் போய்விடும். பொருளின் பெயரில் சிக்கல் வந்தால் பெயரை விட்டுவிட்டு, அது உடம்பில் எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைச் சொல்லலாம். தலை, தாடை இரண்டும் எல்லோரும் அறிந்த சொற்கள், மோனைக்கும் பொருந்துகின்றன. ‘தலையில் மாட்டு, தாடையில் பூட்டு’ என்று எழுதிப் பார்த்தால் மறுபடியும் மாடு எட்டிப் பார்க்கிறது. அந்த முதல் வினையை எச்சமாக்குங்கள்:

தலையில் போட்டு
தாடையில் பூட்டு

நான் தேர்ந்தெடுப்பது இதை. தலை-தாடை மோனை. போட்டு-பூட்டு எதுகையும் ஆகிறது, மோனையும் ஆகிறது. உ, ஊ, ஒ, ஓ நான்கும் மோனைக்கு ஓர் இனம். எல்லாவற்றையும்விட முக்கியம், இதில் ஏவல் ஒன்றுதான். ‘போட்டு’ என்பது முடிந்த செயல்போல் நகர்ந்துவிடுகிறது. கட்டளையின் முழு எடையும் உங்கள் தெருவில் யாரும் செய்யாத அந்தப் பூட்டில் விழுகிறது. தலை-யில் நிரை-நேர், தா-டையில் நேர்-நிரை, எனவே தாளம் பேருந்து வாசகத்தைப் போல முழுக்கச் சமமில்லை. இரண்டாம் வரி நெடிலில் தொடங்கி ஒரு மாத்திரை கூடுகிறது. அழுத்தம் அந்த வரியில்தான் வேண்டும் என்பதால் இதைத் திருத்த வேண்டியதில்லை. ஒரே வரியாக எழுதினால் ‘போட்டுத் தாடையில்’ என்று ஒற்று வரும்; இரண்டு வரியாக எழுதினால் வரிமுடிவே நிறுத்தமாகி, ஒற்றில்லாமல் விடலாம். ஹெல்மெட் என்ற சொல் எங்கும் இல்லை என்பதால் பக்கத்தில் வார் பூட்டிய ஹெல்மெட் படம் கட்டாயம். படம் இல்லாவிட்டால் ‘தாடையில் பூட்டு’ வாய்ப்பூட்டு போலப் படிக்கப்படும்.

‘பூட்டு’ என்று ஒருமையில் சொன்னால் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாகாதா என்று உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் கேட்பார்கள். ஆகாது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. அது எதிரே நிற்கும் ஒருவரைப் பார்த்துச் சொல்வதில்லை, ஊருக்குப் பொதுவாகச் சொல்வது. ‘பூட்டுங்கள்’ என்று நீட்டினால் இரண்டு அசை மூன்றாகித் தாளமும் இயைபும் குலையும். மரியாதை வேண்டுமென்றால் அதைத் தட்டியின் அடியில் சிறிய எழுத்தில் காட்டலாம்: ‘வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குங்கள்.’ வாசகத்துக்குள் மட்டும் இரண்டையும் கலக்காதீர்கள். ‘போட்டு… பூட்டுங்கள்’, ‘நீங்கள்… பூட்டு’ இரண்டுமே கோணும்.

எழுதி முடித்ததும் தெருவில் ஐந்து பேரிடம், பார்க்காமலும் எழுதிக்கொள்ளாமலும், ஒரே முறை வாயால் சொல்லுங்கள். அரை மணி கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ஒரே இடத்தில் இரண்டு பேர் சொல்லை மாற்றிச் சொன்னால் பழுது அந்தச் சொல்லில். அவர்கள் மாற்றிச் சொன்ன சொல்லே பல நேரம் உங்களுடையதைவிட இயல்பாக இருக்கும். எதுகை கெடாவிட்டால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் தமிழ் நன்றாகப் பேசி, எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம், வாசகம் காது வழியாகத்தான் போய்ச் சேரும்.

தட்டியை ஓடும் வண்டிக்கு எதிரே வைக்காதீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவர் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறார். படித்தாலும், ஓட்டிக்கொண்டே வாரைப் பூட்ட முடியாது. இந்த ஏவலுக்கான நேரம் வண்டியை எடுப்பதற்கு முன்பு. பெட்ரோல் பங்கில் பணம் கொடுக்கும் இடம், கோயில் வாசலில் வண்டி நிறுத்துமிடம், அடுக்குமாடி வீட்டின் கேட் உள்பக்கம் ஆகியவை பொருத்தமானவை. கண் மட்டத்தில், வண்டியை எடுக்க வருகிறவர் பார்க்கும் திசையில் வையுங்கள்.

கன்னட வாசகத்தையும் மேலே வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். தமிழை மொழிபெயர்த்து வைக்க வேண்டாம். போட்டு-பூட்டு அங்கே எதுவும் ஆகாது. கன்னடத்திலும் இரண்டாம் எழுத்தை ஒக்க வைக்கும் வழக்கம் உண்டு, ‘பிராசம்’ என்பார்கள். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரரிடம் செயலை மட்டும் சொல்லி, அவருடைய ஏவல் வினையிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.