மொட்டை மாடி ஒழுகினால் கீழ் வீட்டுக்காரர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

கேள்வி: திண்டல் பக்கம் 16 வீடு இருக்கும் அபார்ட்மெண்ட்ல தரைத்தளத்துல குடியிருக்கோம், சொந்த வீடுதான். மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் பண்றதுக்கு வீட்டுக்கு 25,000 ரூபாய் கட்டணும்னு செயலாளர் நோட்டீஸ் ஒட்டியிருக்கார். ஒழுகுறது மேல் மாடிக்காரங்களுக்கு. நாங்க மேலே வடாம் காயப்போடக்கூடப் போனதில்லை. கேட்டா "எல்லாருக்கும் பொதுதானுங்க"ன்னு மட்டும் சொல்றார். இது ஞாயமுங்களா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: கட்டத்தான் வேணுமுங்க. ஆனால் உங்கள் செயலாளர் சொன்ன ஒற்றை வரி பதிலுக்காகக் கட்ட வேண்டாம், கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கோவை வடவள்ளியில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் நானே மூன்று வருடம் செயலாளராக இருந்து இதே பாட்டைப் பட்டவன். 12 வீடு, தரைத்தளம் சேர்த்து மூன்று தளம். நானும் முதலில் ஒற்றை வரியில்தான் நோட்டீஸ் ஒட்டினேன். மறுநாள் காலையில் தரைத்தளத்து ஐயா ஒருவர் கிரயப் பத்திர ஃபைலோடு வந்து நின்றுவிட்டார், "எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு, காட்டுங்க" என்று. அவர் கேட்டது சரி. ராத்திரி உட்கார்ந்து இரண்டாவதாக ஒரு நோட்டீஸ் எழுதி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதில் இருந்தது ஏறக்குறைய இதுதான்:

"அனைவருக்கும் வணக்கம். நம் மொட்டை மாடி இரண்டாம் மாடியில் இருக்கும் நான்கு வீடுகளின் கூரை அல்ல, இந்தக் கட்டடத்தின் கூரை. 12 பேர் பத்திரத்திலும் மொட்டை மாடி பொதுப் பகுதி என்றுதான் இருக்கிறது, 'பி' ஷெட்யூலுக்குக் கீழே பாருங்கள். 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டமும் பொதுப் பகுதிகளை அடுக்கும்போது மொட்டை மாடியைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது. கீழே இருக்கும் சம்ப்பையும் மோட்டாரையும் கழிவுநீர்க் குழாயையும் ரிப்பேர் செய்தபோது இரண்டாம் மாடிக்காரர்கள் 'எங்களுக்கும் அதற்கும் என்ன' என்று கேட்கவில்லை. போன ஐப்பசி மழையில் இந்த மீட்டர் பெட்டிக்குள் தண்ணீர் சொட்டியது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நாளை மாலை 5 மணிக்கு எலக்ட்ரீஷியன் காட்டுவார், வந்து பாருங்கள்."

சட்டத்தைப் படித்து ஒருவரும் மனம் மாறவில்லை. மாற்றியது அந்த மீட்டர் பெட்டிதான். அதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கட்டடத்திலும் இதே அமைப்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

தார்சு போடும்போது ஃபேனுக்கும் லைட்டுக்கும் பிவிசி குழாயைக் கம்பிக்கு நடுவிலேயே போட்டு காங்கிரீட்டை ஊற்றிவிடுவார்கள். மேலே விரிசல் விட்டால் தண்ணீர் கசிந்து அந்தக் குழாயில் இறங்கும். அங்கிருந்து மேல் வீட்டு ஃபியூஸ் பெட்டிக்கு வரும், அந்தப் பெட்டியிலிருந்து மெயின் வயர் போகும் குழாய் நேராகக் கீழே தரைத்தளத்து மீட்டர் பெட்டியில் வந்து முடியும். ஆக நடுவில் இருக்கும் வீட்டில் ஒரு சுவர்கூட ஈரமாகாமல், மூன்று தளத்துக்கு மேலே பெய்த மழை 12 மீட்டரும் இருக்கும் பெட்டிக்குள் சொட்டுகிறது. எலக்ட்ரீஷியன் மெயினை நிறுத்திவிட்டுக் குழாயின் வாயில் துணியைச் சொருகி வெளியே இழுத்தார், சொதசொதவென்று செம்மண் நிறத்தில் தண்ணீர். மழை நின்று அன்றைக்கு நாலு நாள். ஐயா ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றார்.

இன்னொன்று மெதுவாக நடப்பது. தார்சுக்குள் ஈரம் தங்கினால் கம்பி துருப்பிடிக்கும். இரும்பைவிடத் துரு இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும், இடம் இல்லாததால் அடியில் இருக்கும் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். மேல் வீட்டில் கூரைப் பூச்சு உப்பி, கம்பி தெரியும் அளவுக்குப் பெயர்ந்தால் அது பெயிண்ட் சமாச்சாரம் இல்லை. அந்தக் கம்பி பீமுக்குள் போகிறது, பீம் தூணில் உட்கார்ந்திருக்கிறது, அந்தத் தூண் உங்கள் ஹாலின் மூலையில் நிற்கிறது.

சரி, எப்படிப் பங்கு பிரிப்பது? எங்களுக்கு ஆன செலவு ஜிஎஸ்டி சேர்த்து 6,00,000 ரூபாய், மொட்டை மாடி 4,000 சதுர அடி. ஒவ்வொரு தளத்திலும் 900 சதுர அடியில் இரண்டு வீடு, 1,100-இல் இரண்டு, ஆக மொத்தம் 12,000 சதுர அடி. செலவை இதால் வகுத்தால் சதுர அடிக்கு 50 ரூபாய். சின்ன வீட்டுக்கு 45,000, பெரிய வீட்டுக்கு 55,000. மேல் மாடி நான்கு வீட்டின் தலையில் மட்டும் கட்டியிருந்தால் சின்ன வீட்டுக்கே 1,35,000 ஆகியிருக்கும். அவர்களால் முடியாது, வேலை நின்றுபோகும், ஒழுகல் நிற்காது. எல்லோருக்கும் சமமாக 50,000 என்று போடலாம் என்று ஒருவர் சொன்னார், பெரிய வீட்டுக்காரர்தான். எங்கள் சங்கத்து பைலாவில் யுடிஎஸ், அதாவது நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள பிரிக்கப்படாத பங்கு, அந்த விகிதப்படி என்று தெளிவாக இருந்ததால் (எங்களுக்கு யுடிஎஸ்ஸும் சதுர அடிக் கணக்கிலேயே பிரிந்திருந்தது) பேச்சு அதோடு முடிந்தது. உங்களுடையதில் வீட்டுக்கு 25,000 என்று எல்லோருக்கும் ஒரே தொகையாக இருக்கிறது. உங்கள் வீடு சின்னது என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பைலாவில் சமபங்கு என்று இருக்கிறதா, யுடிஎஸ் என்று இருக்கிறதா?

பொதுக் கணக்கில் வராத செலவும் உண்டு. மேல் வீட்டுக்காரர் மொட்டை மாடியில் சொந்தமாகச் சோலார் ஹீட்டர் வைத்துத் தளத்தில் போல்ட் அடித்திருந்தால் அந்த இடத்தைச் சரிசெய்வது அவர் பொறுப்பு. மாடித் தோட்டம், ஷெட் எல்லாம் இப்படித்தான். மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து கீழ் வீட்டுக்குக் கசிவது அந்த இரண்டு பேர் சமாச்சாரம், அதைச் சத்தமில்லாமல் மொட்டை மாடிக் கணக்கில் சேர்த்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. மாசி, பங்குனியில் மழையே இல்லாதபோதும் சொட்டினால் குழாய், பாத்ரூம், இல்லாவிட்டால் மேல்நிலைத் தொட்டி. மழைக்கு மட்டும் சொட்டினால் தளம். சந்தேகம் என்றால் மழைநீர்க் குழாய் வாயை அடைத்துவிட்டு ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். கீழே ஈரம் எந்த இடத்தில் பூக்கிறது என்பதைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தால் கொத்தனாரோடு பிற்பாடு சண்டை இருக்காது.

எஸ்டிமேட்டையும் கேளுங்கள், அங்கேதான் பணம் வீணாவது. எங்களுக்குச் சதுர அடி 45 ரூபாய்க்கும் ஒரு ஆள் வந்தார், பழைய தட்டோட்டின் மேலேயே வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுப்பதாக. பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனால் தட்டோட்டுக்கு அடியில் இருக்கும் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு ஏற்கெனவே தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் அது ஆவியாகி மேலே வரும், பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பிக் கிழியும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு இடித்த அந்தக் காலத்துத் தளமாக இருந்தால் வேறு கதை, நம் அபார்ட்மெண்ட்டுகளில் அதெல்லாம் எங்கே. தட்டோட்டைக் கம்பியால் தட்டினால் பொள்ளலாகச் சத்தம் வரும் இடமெல்லாம் அடியில் பிடிப்பு விட்டுப்போனது என்று அர்த்தம். எங்களுடையதில் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. அதனால் தளம் வரை பெயர்த்து எடுத்து, பத்து நாள் வெயிலில் காயவிட்டு, விரிசலை வெட்டி அகலப்படுத்திப் பாலிமர் கலந்த சாந்து அடைத்து, கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலையைச் சாய்வாகப் பூசி, ஃபைபர் வலை வைத்து இரண்டு கோட் அடித்தார்கள். பூச்சு சுவரில் ஒரு அடி உயரம் ஏறி நிற்க வேண்டும், ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையிலிருந்துதான் தொடங்குகிறது. அப்புறம் மறுபடி தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டு, வாட்டம் வைத்துக் காங்கிரீட்டும் அதன் மேல் ஓடும். சதுர அடி 150 ரூபாய் ஆனது இதனால்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தண்ணீர் கட்டிப் பார்த்து முடித்த பிறகுதான் கொடுத்தோம்.

ஒன்று மறந்துவிட்டேன், இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கட்டடம் எத்தனை வருடம் ஆனது என்று எழுதவில்லை. முன்னால் சொன்ன ரியல் எஸ்டேட் சட்டப்படி, அதாவது ரெராவில், பதிவான கட்டடமாக இருந்து, சாவி வாங்கி ஐந்து வருடம் ஆகவில்லை என்றால், பைசா கட்டுவதற்கு முன் பில்டருக்குச் சங்கத்தின் பெயரில் எழுத்து மூலமாகப் புகார் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டுமானத்தில், வேலைத் தரத்தில் வரும் குறையை அந்தக் காலத்துக்குள் சொன்னால் 30 நாளில் அவர் செலவிலேயே சரிசெய்து தர வேண்டும். எங்களுடையது அப்போது 11 வருடக் கட்டடம், அந்த வழி இல்லை. இன்னொரு பக்கம், பத்திரத்தில் மேல் மாடிக்காரருக்கு மொட்டை மாடியைத் தனி உரிமையாக எழுதிக் கொடுத்திருந்தால் பங்குக் கணக்கே மாறும், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எங்கள் தரைத்தளத்து ஐயா 45,000-ஐ இரண்டு தவணையாகக் கட்டினார். இரண்டாவது தவணை கொடுக்கும்போது மொட்டை மாடிச் சாவியில் ஒரு காப்பி வேண்டும் என்றார், கொடுத்தோம். இப்போது ஐப்பசி பிறந்தால் மழைநீர்க் குழாய் வாயில் சருகு அடைத்திருக்கிறதா என்று மேலே ஏறிப் பார்ப்பது அவர்தான்.