ஒட்டினால் மறுக்கப்படும் கடவுச்சொல்: வாசகர் கேள்விகள்

நோட்ஸில் உள்ள கடவுச்சொல்லை ஒட்டினால் தவறு என்கிறது. அதையே தட்டச்சு செய்தால் ஏற்கிறது. ஏன்?

பெரும்பாலும் கடைசி எழுத்துக்குப் பின்னால் ஓர் இடைவெளியும் சேர்ந்து நகலாகியிருக்கும். முறையாக இயங்கும் தளங்கள் கடவுச்சொல்லை அப்படியே வைத்திருக்காமல் அதிலிருந்து கணக்கிட்ட ‘ஹாஷ்’ மதிப்பையே வைத்திருப்பதால், ஓர் இடைவெளி கூடினாலும் மதிப்பு முற்றிலும் மாறிவிடும். கண் படத்தை அழுத்திப் பார்த்தாலும் கடைசி இடைவெளி தெரியாது. விண்டோஸ் நோட்பேடில் ஒட்டி, End விசையை அழுத்தி, கீழ்ப்பட்டையில் Col எண்ணைப் பாருங்கள். 12 எழுத்துக் கடவுச்சொல்லுக்கு அது 13 என்று இருக்க வேண்டும்; 14 என்றால் ஒன்று கூடுதல். புதிய நோட்பேட் சேமிக்காத உரையையும் நினைவில் வைத்துக்கொள்வதால், மூடுவதற்கு முன் அதை அழித்துவிடுங்கள்.

இடைவெளி எதுவும் இல்லை. ஆனாலும் ஐபோன் நோட்ஸிலிருந்து ஒட்டினால் ஏற்பதில்லை.

கடவுச்சொல்லில் மேற்கோள் குறியோ இரட்டைக் கோடோ இருக்கிறதா என்று பாருங்கள். `Mazhai--2024's` என்று நோட்ஸில் தட்டினால், Smart Punctuation இயங்கும் போனில் அது `Mazhai—2024’s` ஆகிவிடும். இரு கோடுகள் ஒரே நீள்கோடாவதால் 14 எழுத்து 13 ஆகக் குறைகிறது. இதை எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். மேற்கோள் குறி வளைவதுதான் ஏமாற்றும், ஏனெனில் எண்ணிக்கை மாறாது. Settings, General, Keyboard வழியாகச் சென்று Smart Punctuation என்பதை அணைத்தாலும், முன்பே எழுதியவை தாமாகத் திருந்தா. அந்தக் குறிகளை நீங்களே மீண்டும் தட்ட வேண்டும்.

மின்னஞ்சலில் வந்த தற்காலிகக் கடவுச்சொல்லில் கண்ணுக்குத் தெரியாத எழுத்து இருக்குமா?

இருக்கலாம். மேக் கணினியில் நகலெடுத்தவுடன் டெர்மினலில் இதை இயக்குங்கள்:

```
pbpaste | xxd -g 1
```

`20` என்பது சாதாரண இடைவெளி, `c2 a0` என்பது வரி முறியாத இடைவெளி, `e2 80 8b` என்பது அகலமே இல்லாத இடைவெளி. மற்ற கணினிகளில் அம்புக்குறி விசையால் ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்து பாருங்கள். ஓரிடத்தில் விசையை அழுத்தியும் கர்சர் நகராமல் நின்றால் அங்கே ஏதோ ஒளிந்திருக்கிறது.

எனக்கு நேர்மாறு: ஒட்டினால்தான் ஏற்கிறது, தட்டச்சு செய்தால் மறுக்கிறது.

கடவுச்சொல்லை முதலில் அமைத்தபோதே இடைவெளியோடு ஒட்டியிருப்பீர்கள். தளமும் அதை வெட்டாமல் ஏற்றிருக்கிறது. எனவே உங்கள் உண்மையான கடவுச்சொல் அந்த இடைவெளியையும் சேர்த்ததுதான். நோட்ஸ் பதிவைத் திருத்தி ஒழுங்குபடுத்தினால் கணக்குக்குள் நுழையும் வழியே போய்விடும் என்பதால், முதலில் ஒட்டி உள்ளே நுழையுங்கள். பிறகு கடவுச்சொல் மாற்றும் பக்கத்தில் பழையதை ஒட்டிவிட்டு, புதியதை இரு கட்டங்களிலும் கையால் தட்டுங்கள். வெளியேறி, புதியதைத் தட்டியே ஒருமுறை நுழைந்து பார்த்த பிறகு பழைய பதிவை அழிக்கலாம்.