“பில் போட ஒன்றுமில்லை” என்று வந்தால் கிளையன்டுக்கு என்ன எழுதுவது? கேள்வி பதில்

கேள்வி: மார்ச் முழுக்க ஒரே கிளையன்டுக்கு 41 மணி நேரம் வேலை பார்த்திருக்கேன். நேரப் பதிவுச் செயலியிலிருந்து பதிவுகளை எடுத்து இன்வாய்ஸ் தயாரிக்கிற என் ஸ்கிரிப்ட் ஏப்ரல் 1 ராத்திரி 12:05-க்கு ஓடி “பில் போட வேண்டிய பதிவு எதுவும் இல்லை”னு நின்னுடுச்சு. இன்வாய்ஸ் எங்கேன்னு கிளையன்ட் கேட்கிறாங்க. என்ன எழுதறது?

பதில்: இப்போதைக்கு ஒரே வரி போதும்: “இன்வாய்ஸ் தாமதமாகிறது, காரணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நாளைக்குள் விவரம் எழுதுகிறேன்.” காரணம் தெரியாமல் நீளமாக எழுதினால், இரண்டாவது கடிதத்தில் முதல் கடிதத்தை மறுக்க வேண்டிவரும்.

பூஜ்யம் மூன்று விதமாக வரும். பதிவுகளே கையில் வராமல் போயிருக்கலாம். பதிவுகள் வந்தும் ஒன்றுகூட பில்லபிள் என்று குறிக்கப்படாமல் இருக்கலாம். பில்லபிளாக இருந்தும் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே பில் போட்டாகியிருக்கலாம். மூன்றுக்கும் ஸ்கிரிப்ட் சொல்வது ஒரே வாக்கியம்தான், ஆனால் கிளையன்டுக்கு எழுத வேண்டியது வேறு வேறு. லாகில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை தேடியது, எத்தனை பதிவு வந்தது என்று பார்த்து அந்த வரியை இங்கே போடுங்கள்.

கேள்வி: லாக் வரி இதுதான். 47 பில்லபிள் பதிவு வந்திருக்கு, ஆனா பாக்கி பூஜ்யம். எனக்குப் புரியலை.

```
from=2025-02-01 to=2025-02-28 total=52 billable=47 unbilled=0
```

பதில்: விடை அந்த வரியின் தொடக்கத்திலேயே இருக்கிறது. ஸ்கிரிப்ட் பார்த்தது பிப்ரவரியை. மார்ச்சை அது தொடவே இல்லை.

உங்கள் சர்வர் UTC நேரத்தில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். உங்கள் ஊர் நேரம் அதற்கு முன்னால் இருந்தால், உங்களுக்கு ஏப்ரல் 1 நள்ளிரவு தாண்டி 5 நிமிடம் ஆகும்போது சர்வருக்கு இன்னும் மார்ச் 31 மாலை. “போன மாதம்” எது என்று அது கணக்குப் போட்டால் பிப்ரவரி என்றுதான் வரும். பிப்ரவரிக்குப் போன முறையே பில் போட்டாகிவிட்டதால் பாக்கி பூஜ்யம். எங்கும் பிழைச் செய்தி வந்திருக்காது, ஏனென்றால் ஸ்கிரிப்டின் பார்வையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கிறது.

போன மாதங்களில் ஏன் வரவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். ஓடும் நேரத்தைக் காலையிலிருந்து நள்ளிரவுக்கு மாற்றினீர்களா, அல்லது சர்வரை மாற்றினீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று. திருத்தம் மூன்று வரிதான்:

```python
today = datetime.now(ZoneInfo(MY_ZONE)).date()
end   = today.replace(day=1)
start = (end - timedelta(days=1)).replace(day=1)
```

`end` என்பது ஏப்ரல் 1. அதற்கு முந்தைய நாள் வரைதான் எடுக்க வேண்டும். உங்கள் செயலி `to` தேதியையும் சேர்த்து எண்ணும் வகை என்றால் `end`-இலிருந்து ஒரு நாளைக் குறைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஏப்ரல் 1 வேலையும் மார்ச் பில்லில் ஏறிவிடும். ஓடும் நேரத்தையும் 1ஆம் தேதி நள்ளிரவில் வைக்காமல் 2ஆம் தேதி பகலுக்குத் தள்ளுங்கள். கடைசி நாள் பதிவுகளை மறந்துபோய் மறுநாள் எழுதுபவர்களுக்கும் அது உதவும்.

கேள்வி: சரியா பிடிச்சீங்க, போன மாசம்தான் நள்ளிரவுக்கு மாத்தினேன். இப்போ கடிதம்? 41 மணியில 4.5 மணி என் தப்பை நானே சரி பண்ணின வேலை, அதுக்கு பில் இல்லை.

பதில்: அந்த 4.5-ஐயும் கடிதத்தில் சொல்லுங்கள். கிளையன்டிடம் நாள்வாரிப் பட்டியல் போகும்போது கூட்டுத்தொகை இடித்தால் அதற்கு ஒரு தனி மின்னஞ்சல் வரும். இப்படி எழுதலாம்:

> பொருள்: மார்ச் 2025 இன்வாய்ஸ் – தாமதமும் காரணமும்
>
> வணக்கம்.
>
> மார்ச் மாத இன்வாய்ஸ் 1ஆம் தேதி உங்களுக்கு வந்திருக்க வேண்டும், வரவில்லை. இன்வாய்ஸ் தயாரிக்க நான் வைத்திருக்கும் தானியங்கி ஏற்பாடு மார்ச்சுக்குப் பதில் பிப்ரவரிப் பதிவுகளை எடுத்துவிட்டது. பிப்ரவரிக்கு ஏற்கெனவே பில் அனுப்பியிருப்பதால், புதிதாக ஒன்றுமில்லை என்று நின்றுவிட்டது. தவறு என் பக்கம். திருத்திவிட்டேன்.
>
> மார்ச்சில் உங்கள் வேலைக்குப் பதிவான நேரம் 41 மணி. அதில் 36.5 மணி பில்லில் வரும். மீதி 4.5 மணி என் பிழையைத் திருத்தியது, அது உங்கள் கணக்கில் சேராது. நாள்வாரிப் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
>
> இன்வாய்ஸை ஏப்ரல் 3 அன்று அனுப்புகிறேன். பணம் செலுத்தும் கெடு அந்தத் தேதியிலிருந்து தொடங்கும். பிப்ரவரி இன்வாய்ஸில் எந்த மாற்றமும் இல்லை.

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். “பிப்ரவரி” என்ற சொல்லைப் பார்த்ததும், செலுத்திய பில்லில் ஏதோ குளறுபடி என்றுதான் அவர்களுடைய கணக்குப் பிரிவு முதலில் நினைக்கும். நேர மண்டலம், சர்வர் கதையெல்லாம் கடிதத்துக்கு வேண்டாம். கேட்டால் சொல்லலாம்.

கேள்வி: இவ்வளவு விளக்கம் எதுக்கு? “தொழில்நுட்பக் கோளாறு காரணமாக பில்லபிள் பதிவுகள் இல்லை”ன்னு எழுதினா முடிஞ்சது. நான் அப்படித்தான் அனுப்பறேன்.

பதில்: சுருக்கமாக எழுத வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். அந்த வாக்கியத்தில்தான் சிக்கல். “பில்லபிள் பதிவுகள் இல்லை” என்று படிக்கும் கிளையன்ட், அந்த மாதம் வேலையே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார். அதைத் தன் கோப்பில் போட்டு மாதக் கணக்கை மூடிவிடுவார். பிறகு நீங்கள் 36.5 மணிக்கு இன்வாய்ஸ் அனுப்பினால், உங்கள் கையெழுத்திட்ட கடிதத்தையே உங்களிடம் திருப்பிக் காட்டலாம். “ஏற்பாடு எதையும் கண்டுபிடிக்கவில்லை” என்பது ஒன்று, “ஒன்றும் இல்லை” என்பது வேறு.

கேள்வி: நான் கிளையன்ட் பக்கம். “இந்த மாதம் பில் போட எதுவும் இல்லை”ன்னு ஒரு ஃப்ரீலான்ஸர்கிட்ட இருந்து வந்திருக்கு. ஆனா வேலை வந்து சேர்ந்திருக்கே. அப்போ பணம் தர வேண்டாம்தானே?

பதில்: அந்தக் கடிதம் கடனைத் தள்ளுபடி செய்யும் கடிதம் அல்ல. பணம் உண்டா இல்லையா என்பதை உங்கள் ஒப்பந்தமும் நீங்கள் பெற்றுக்கொண்ட வேலையும் தீர்மானிக்கும். வந்த வேலைகளை இரண்டு வரியில் பட்டியலிட்டு “இவை எந்த மாதப் பில்லில் வருகின்றன?” என்று அவரிடம் கேளுங்கள். உங்கள் கணக்கில் ஒரு உத்தேசத் தொகையையும் ஒதுக்கி வையுங்கள். மூன்று மாதம் கழித்து மொத்தமாக வந்தால் உங்களுக்கும்தான் தலைவலி.

கேள்வி: எனக்கு வேற மாதிரி. லாகில் மார்ச் தேதி சரியா இருக்கு, total=0. ஒரு பதிவுகூட வரலை. செயலியைத் திறந்தா எல்லாம் இருக்கு!

பதில்: உங்களுடையது முதல் வகை. ஸ்கிரிப்டுக்குப் பதிவுகள் வந்து சேரவே இல்லை. டோக்கன் காலாவதியாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்த மாதிரி ஒரு வரி உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கும்:

```python
entries = r.json().get("time_entries", [])
```

டோக்கன் செல்லாவிட்டால் செயலி 401 என்று ஒரு பிழைப் பதிலை அனுப்பும். அதில் `time_entries` என்று எதுவும் இருக்காது. அதனால் மேலே உள்ள வரி சத்தமில்லாமல் காலிப் பட்டியலைக் கொடுத்துவிடும், பிழை பூஜ்யமாக மாறிவிடும். அதற்கு முந்தைய வரியாக `r.raise_for_status()` போடுங்கள். அடுத்த முறை பூஜ்யம் காட்டாமல் அங்கேயே நின்று கத்தும்.

டோக்கன் சரியாக இருந்தால் கிளையன்டின் பெயரைப் பாருங்கள். பெயரை வைத்துத் தேடும் ஸ்கிரிப்டுக்கு, யாரோ பெயரில் ஒரு எழுத்தையோ இடைவெளியையோ மாற்றினால் போதும், ஒன்றும் கிடைக்காது. பெயருக்குப் பதில் அடையாள எண்ணை வைத்துத் தேடுவதே பாதுகாப்பு.

கேள்வி: எனக்கு total=23, billable=0. புது ப்ராஜெக்ட் போன மாசம்தான் ஆரம்பிச்சேன்.

பதில்: புது ப்ராஜெக்டில் பில்லபிள் என்ற குறி அணைந்தே இருந்திருக்கும். இப்போது ப்ராஜெக்ட் அமைப்பில் அதைப் போட்டால் இனி வரும் பதிவுகளுக்கு மட்டும் பொருந்துவதும், பழையவை அப்படியே கிடப்பதும் பல செயலிகளில் உண்டு. விரிவான அறிக்கையைத் திறந்து 23-ஐயும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்துக் குறியை மாற்றுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வேண்டாம். விலை பேசின கூட்டம், ஒப்பந்தம் படித்த நேரம் போன்றவையும் அதில் கலந்திருக்கும்.

கேள்வி: பூஜ்யத் தொகைக்கு ஒரு இன்வாய்ஸ் எண் போட்டு அனுப்பிடலாமா? வரிசை அறுந்துபோகாதே.

பதில்: உண்மையிலேயே வேலை இல்லாத மாதத்துக்கு இன்வாய்ஸ் வேண்டியதில்லை, எண்ணும் வேண்டியதில்லை. எண் இன்வாய்ஸுக்குத்தான், மாதத்துக்கு அல்ல. பிப்ரவரி இன்வாய்ஸின் எண் 14, ஏப்ரல் இன்வாய்ஸின் எண் 15 என்றால் வரிசை அறுபடவில்லை. ஸ்கிரிப்ட் ஏற்கெனவே ஒரு எண்ணை எடுத்துக் காலி இன்வாய்ஸை உண்டாக்கிவிட்டால் அதை அழிக்காமல், ரத்து என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வரிவிதி நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கேள்வி: பூஜ்யம்னா அந்தக் கடிதத்தையும் ஸ்கிரிப்டே அனுப்பற மாதிரி வைக்கலாமே?

பதில்: வைக்க வேண்டாம். பூஜ்யம் வந்தால் செய்தி உங்களுக்கு வரட்டும், கிளையன்டுக்கு அல்ல. மேலே பார்த்த மூன்று பேரில் ஒருவருக்கும் வேலை இல்லாமல் பூஜ்யம் வரவில்லை. உங்களுக்கு வரும் செய்தியில் தேடிய தேதி, மொத்தம், பில்லபிள், பாக்கி நான்கும் இருந்தால் எந்த வகைப் பூஜ்யம் என்று செய்தியைப் படித்ததுமே தெரியும்.

கேள்வி: மார்ச் வேலையை ஏப்ரல் இன்வாய்ஸோட சேர்த்துடலாம்னு என் கிளையன்ட் சொல்றார். கணக்கை மூடிட்டாராம். சேர்க்கலாமா, தனியா வேணுமா?

பதில்: தனியாகப் போடுவதையே விரும்புவேன். எந்த மாத வேலை என்று இன்வாய்ஸில் எழுதி, தேதியை மட்டும் இன்றைய தேதியாகப் போட்டால் போதும். பழைய தேதி போடாதீர்கள். ஆனால் கிளையன்டின் கணக்குப் பிரிவு ஒரே இன்வாய்ஸ்தான் வேண்டும் என்று நின்றால், இரண்டு மாதத்தையும் தனித்தனி வரியாகப் பிரித்துச் சேர்ப்பதிலும் தப்பில்லை. உங்களுக்கு அந்தப் பணம் ஒரு மாதம் தள்ளி வரும், அதைத் தாங்க முடியுமா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது.

கேள்வி: அதில் நான் உடன்படலை. சேர்த்துப் போட்டா ஒரு வரியில தகராறு வந்தாலும் மொத்த இன்வாய்ஸும் நிக்கும். எனக்கு நடந்திருக்கு.

பதில்: அது சரியான எதிர்வாதம். தகராறு வரக்கூடிய கிளையன்ட் என்று தெரிந்தால் பிரித்தே அனுப்புங்கள்.